ராமானுஜனுக்கு ஹார்டி எழுதிய முதல் பதில்: உற்சாகம் கடிதத்தில் எங்கே இருந்தது

1913 பிப்ரவரி 2 அன்று தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் தன் தோழி ஆட்டோலைன் மொரெலுக்கு ஒரு கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் உணவுக்கூடத்தில் கணிதவியலாளர்கள் ஹார்டியும் லிட்டில்வுட்டும் நிலைகொள்ளாத பரபரப்பில் இருந்ததைப் பார்த்ததாக அதில் சொல்கிறார். இரண்டாவது நியூட்டனைக் கண்டுபிடித்துவிட்டதாக அவர்கள் நம்புகிறார்களாம். அந்த நியூட்டன், சென்னையில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் ஒரு குமாஸ்தா.

ஆறு நாள் கழித்து, பிப்ரவரி 8 அன்று, ஹார்டி அந்தக் குமாஸ்தாவுக்குப் பதில் எழுதினார். நியூட்டன் என்ற பேச்சே அதில் கிடையாது. அதிசயம், அற்புதம், மேதை எதுவும் இல்லை. "உங்கள் கடிதமும் அதில் நீங்கள் கூறும் தேற்றங்களும் என் ஆர்வத்தை மிகவும் தூண்டின" என்று தொடங்கி, அடுத்த வாக்கியத்திலேயே நிரூபணம் கேட்கிறது அந்தக் கடிதம். உங்கள் கூற்றுகள் சிலவற்றின் நிரூபணத்தைப் பார்க்காமல் அவற்றின் மதிப்பை நான் சரியாக எடைபோட முடியாது, இது உங்களுக்கே புரியும் என்கிறார்.

அந்தக் கடிதம் கைக்கு வந்ததும் ராமானுஜன் பிப்ரவரி 27 அன்று எழுதிய பதிலில், என் உழைப்பைப் பரிவோடு பார்க்கும் ஒரு நண்பரை உங்களிடம் கண்டேன் என்கிறார். பரிவு, நட்பு என்ற சொற்களை ஹார்டி எழுதவில்லை. அப்படியிருக்க ராமானுஜன் அதை எங்கிருந்து படித்துக்கொண்டார்? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது. அலுவலகத்திலிருந்தோ பத்திரிகையிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ முன்பின் தெரியாத ஒருவரின் வேலைக்குப் பதில் எழுதவேண்டியிருக்கும் எவருக்கும் இந்தக் கடிதம் நல்ல பாடம் என்று நினைக்கிறேன். எழுதியவரின் உள்ளுக்குள் எவ்வளவு பரபரப்பு இருந்தது என்பதற்கு ரஸ்ஸல் சாட்சி. தாளில் எவ்வளவு இறங்கியது என்பதற்குக் கடிதமே சாட்சி. இப்படி இரண்டு பக்கமும் கிடைக்கிற கடிதங்கள் மிகக் குறைவு.

முதலில் ராமானுஜனின் கடிதத்தைப் பார்த்துவிடலாம். அது 1913 ஜனவரி 16 தேதியிட்டது. சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருப்பதையும் சம்பளத்தையும் முதல் வரியில் சொல்லிவிடுகிறார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, பள்ளிப் படிப்பு உண்டு, மீதி நேரத்தில் கணக்கு செய்கிறேன், எனக்கென்று ஒரு புதுப் பாதை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிறார். தன் முடிவுகளைப் பற்றிய பெரிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான் வருகிறது: உள்ளூர்க் கணித அறிஞர்கள் இவற்றைத் திகைப்பூட்டுபவை என்கிறார்கள். அந்த வார்த்தையையும் தன் வாயால் சொல்லாமல் அடுத்தவர் சொன்னதாகவே வைக்கிறார். அதன்பின் பக்கம் பக்கமாகத் தேற்றங்கள்தான். தன் வேலையின் மீது அவ்வளவு நம்பிக்கை உள்ள ஒருவர், அந்த நம்பிக்கையைப் பெயரடைகளில் செலவழிக்காமல் பக்கங்களாகக் கொடுத்திருக்கிறார்.

இதற்கு முன்பே லண்டனிலிருந்து ஒரு பதில் வந்திருந்தது. சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், ராமானுஜனின் தாள்களை லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் இருந்த கணிதப் பேராசிரியர் எம்.ஜே.எம். ஹில்லுக்கு அனுப்பியிருந்தார். 1912 கடைசியில் ஹில் பதில் எழுதினார். கணிதத்தில் நாட்டமும் ஓரளவு திறமையும் உள்ளவர்தான், ஆனால் தவறான வழியில் போய்விட்டார், கூட்டிக்கொண்டே போனாலும் ஒரு முடிவான எண்ணில் வந்து நிற்காத விரியும் தொடர்களைக் கையாளும்போது எடுக்கவேண்டிய எச்சரிக்கைகள் இவருக்குத் தெரியவில்லை என்பது அதன் சாரம். பிரோமிச் எழுதிய முடிவிலித் தொடர் பற்றிய புத்தகத்தைப் படிக்கச் சொல்லியிருந்தார்.

ஹில்லைக் குறை சொல்வது எளிது, ஆனால் நியாயமில்லை. நேரம் எடுத்துப் படித்தார், தவறு என்று பட்டதைச் சொன்னார், உதவக்கூடிய புத்தகத்தின் பெயரையும் கொடுத்தார். கடுமையான சொல் எதுவும் இல்லை. ஹார்டியின் கடிதமும் இதேபோல் அடங்கிய குரலில்தான் இருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தொனியில் தேடினால் கிடைக்காது. ஹில்லின் பதிலில் ராமானுஜன் திருத்தப்படவேண்டிய ஒரு மாணவர். அவர் அடுத்து என்ன எழுதுவார் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் அதில் எங்கும் இல்லை. 'ஓரளவு திறமை' என்பது பாராட்டுதான். ஆனால் எந்தப் பக்கத்தின் எந்த வரியைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று தெரியாததால் அது வெறும் மரியாதைச் சொல்லாக நின்றுவிடுகிறது.

இப்போது ஹார்டியின் கடிதத்துக்கு வருவோம். அதன் நடுப்பகுதியில் உங்கள் முடிவுகள் ஏறக்குறைய மூன்று வகையாகப் பிரிகின்றன என்கிறார். முதல் வகை, ஏற்கெனவே தெரிந்தவை, அல்லது தெரிந்த தேற்றங்களிலிருந்து எளிதில் வருவிக்கக்கூடியவை. இரண்டாம் வகை, எனக்குத் தெரிந்தவரை புதியவை, சுவையானவை, ஆனால் அந்தச் சுவை முக்கியத்துவத்தால் வருவதைவிட வினோதத்தாலும் கடினமாகத் தோன்றுவதாலும் வருவது. மூன்றாம் வகை, புதியவையாகவும் முக்கியமானவையாகவும் தோன்றுபவை, ஆனால் அங்கே ஏறக்குறைய எல்லாமே நீங்கள் கையாண்ட நிரூபண முறையின் கறாரைப் பொறுத்திருக்கிறது.

சும்மா பார்த்தால் இது தணிக்கை அறிக்கை மாதிரி இருக்கிறது. ராமானுஜன் இடத்தில் உட்கார்ந்து படித்தால் வேறு மாதிரி தெரியும். அனுப்பிய பக்கங்கள் அத்தனையையும் ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். பார்க்காமல் மூன்றாகப் பிரிக்க முடியாது. முதல் இரண்டு வகையில் அவர் இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் இருப்பதால்தான் மூன்றாம் வகையில் வரும் 'முக்கியமானவை' என்ற சொல்லுக்கு எடை வருகிறது. எல்லாமே அற்புதம் என்று எழுதியிருந்தால் அந்த மூன்றாம் கட்டுக்குத் தனி இடமே இருந்திருக்காது. எது நன்றாக இருக்கிறது என்று சொல்வதோடு, எது அவ்வளவு இல்லை என்றும் சொல்லும்போதுதான், சொல்பவர் உண்மையிலேயே மதிப்பிட்டிருக்கிறார் என்பது படிப்பவருக்குத் தெரிகிறது. பாராட்டுக் கடிதம் எழுதும் பலர் தயங்குவது இங்கேதான். குறை ஒன்றைச் சொன்னால் மகிழ்ச்சி குறைந்துவிடும் என்று பயந்து, குறையை விட்டுவிட்டு ஆச்சரியக்குறியைப் போடுகிறார்கள்.

அடுத்து கேட்கும் விதம். பகா எண்களைப் பற்றிய முடிவுகளுக்கு வரும்போது, இங்கே உங்கள் நிரூபணங்களைக் குறிப்பாகப் பார்க்க விரும்புகிறேன் என்கிறார் ஹார்டி. இந்தத் துறையில் எல்லாமே நிரூபணத்தின் துல்லியத்தில் இருக்கிறது என்று காரணத்தையும் சேர்க்கிறார். லிட்டில்வுட்டின் வேண்டுகோள் ஒன்றும் கூடவே போகிறது: பகா எண்களின் எண்ணிக்கைக்கான வாய்பாட்டையும், முடிந்த அளவு நிரூபணத்தையும் சீக்கிரம் அனுப்பவும். நிரூபணங்கள் சிலவற்றையாவது கூடிய விரைவில் அனுப்புங்கள், பகா எண்கள் பற்றியும் விரியும் தொடர்கள் பற்றியும் விரிவான விவரத்தைப் பிறகு சாவகாசமாக எழுதுங்கள் என்று வேலையை இரண்டாகப் பிரித்தும் கொடுக்கிறார்.

உற்சாகம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ரஸ்ஸல் உணவுக்கூடத்தில் பார்த்த பரபரப்பு, தாளில் 'சீக்கிரம்' என்ற ஒரு சொல்லாக இறங்கியிருக்கிறது. உணர்ச்சியைப் பெயர் சொல்லி அறிவிக்காமல், அந்த உணர்ச்சி எழுதுகிறவரை என்ன செய்யத் தூண்டுகிறதோ அதை எழுதியிருக்கிறார். காத்திருக்க முடியவில்லை, அதனால் முதலில் கொஞ்சமாவது அனுப்பச் சொல்கிறார். தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை, அதனால் லிட்டில்வுட்டிடம் காட்டியிருக்கிறார். ஒரு கணிதவியலாளரின் கடிதத்தில் இன்னொரு கணிதவியலாளர் குறுக்கே புகுந்து தனக்கும் வேண்டும் என்று கேட்கிறார் என்றால், மேசை மேல் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதைச் சென்னையில் இருந்தவரால் ஊகிக்க முடிந்திருக்கும்.

மூன்றாவதாக ஒரு வாக்குறுதி. வெளியிடத் தகுந்த வேலையை நீங்கள் கணிசமாகச் செய்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது, திருப்தியான நிரூபணம் கொடுக்க முடிந்தால் அது வெளிவர என்னால் முடிந்ததை மகிழ்ச்சியோடு செய்வேன் என்கிறார். ஒவ்வொரு சொல்லிலும் ஒரு நிபந்தனை தொங்குகிறது. 'தோன்றுகிறது', 'செய்திருக்கலாம்', 'கொடுக்க முடிந்தால்'. ஆனால் அந்த நிபந்தனைகளுக்கு அப்பால் இருப்பது ராமானுஜன் வேண்டியதே. ஏழை என்பதால், ஏதேனும் மதிப்பு இருப்பதாகப் பட்டால் என் தேற்றங்கள் வெளியாக விரும்புகிறேன் என்று அவர் எழுதியிருந்தார். கேட்டதற்கு நேராகப் பதில் வந்திருக்கிறது. பொதுவான வாழ்த்து எவ்வளவு இனிமையாக இருந்தாலும் இந்த இடத்தை நிரப்பியிருக்காது.

ஹார்டி ஏன் இவ்வளவு அடக்கமாக எழுதினார்? வெறும் ஆங்கிலேயக் கூச்சம் என்று விட்டுவிட முடியாது. அந்தத் தேற்றங்களில் சிலவற்றை அவரால் சரிபார்க்க முடியவில்லை. இவை தன்னை முழுவதுமாகத் தோற்கடித்துவிட்டன, இதுபோன்ற எதையும் அதற்குமுன் பார்த்ததில்லை என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரே எழுதினார். சரிபார்க்காத ஒன்றுக்கு முழுப் பாராட்டு எழுதி, பின்னால் நிரூபணம் தவறு என்று தெரிந்தால், இடி விழுவது ஹார்டி மேல் இல்லை, சென்னையில் இருக்கும் குமாஸ்தா மேல். எவ்வளவு தெரியுமோ அவ்வளவுக்கே பாராட்டு என்று அவர் அளந்து கொடுத்தது, எதிரே இருப்பவர் மேல் கொண்ட அக்கறை.

இன்னொரு காரணமும் பிப்ரவரி 27 பதிலில் தெரிகிறது. நான் ஏற்கெனவே பாதிப் பட்டினி, மூளையைக் காப்பாற்றிக்கொள்ளச் சாப்பாடு வேண்டும், அதுதான் என் முதல் கவலை என்று எழுதுகிறார் ராமானுஜன். உங்களிடமிருந்து வரும் பரிவான கடிதம் எதுவும் பல்கலைக்கழகத்திடமோ அரசிடமோ உதவித்தொகை பெற எனக்குக் கைகொடுக்கும் என்கிறார். ஹார்டியின் கடிதம் ராமானுஜனோடு நிற்கப்போவதில்லை. மேலதிகாரிகள் கைக்குப் போகும், பல்கலைக்கழகக் கூட்டத்தில் எடுத்துக்காட்டப்படும். அப்படிக் கைமாறும் கடிதத்தில் புகழ்மாலை இருந்தால் மூன்றாம் ஆள் அதைத் தள்ளுபடி போட்டுத்தான் படிப்பார். வகை பிரித்து, நிபந்தனை சொல்லி, இன்னது முக்கியம் என்று எழுதிய கடிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அலுவலகக் கடிதம் எழுதும்போது இதை நினைவில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பெறுபவரைத் தவிர இன்னும் யார் இதைப் படிக்கப் போகிறார்கள்?

உற்சாகம் போய்ச் சேர்ந்ததா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? நன்றிச் சொற்களை வைத்துச் சொல்ல முடியாது, அவை எந்தக் கடிதத்துக்கும் வரும். எதிராளி அடுத்து என்ன துணிந்து சொல்கிறார் என்று பார்க்கவேண்டும். ராமானுஜன் இரண்டாம் கடிதத்தில், லண்டன் பேராசிரியர் போல நீங்களும் பிரோமிச் புத்தகத்தைப் படி, விரியும் தொடர்களின் படுகுழியில் விழாதே என்றுதான் எழுதுவீர்கள் என எதிர்பார்த்தேன் என்று மனம்விட்டுச் சொல்கிறார். அப்புறம் தன் கோட்பாட்டின்படி 1 + 2 + 3 + 4 + … = −1/12 என்று எழுதுகிறார். இதைச் சொன்னால் நான் போய்ச் சேரவேண்டிய இடம் பைத்தியக்கார விடுதி என்று உடனே காட்டுவீர்கள் என்றும் சேர்க்கிறார். கேலிக்கு ஆளாகக்கூடிய ஒன்றை ஒரு மனிதர் இன்னொருவர் முன்னால் வைப்பது, இவர் கேலி செய்யமாட்டார் என்று நம்பும்போது மட்டுமே. ஹார்டியின் முதல் கடிதம் வேலை செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஏறக்குறைய அதே நாட்களில் சென்னையிலேயே இன்னொரு கடிதம் எழுதப்பட்டது. கில்பர்ட் வாக்கர் அப்போது இந்திய வானிலை ஆய்வகங்களின் தலைமை இயக்குநர், முன்பு டிரினிட்டியில் கணிதம் கற்பித்தவர். சென்னை வந்தபோது அவருக்கு ராமானுஜனின் தாள்கள் காட்டப்பட்டன. பிப்ரவரி 26 அன்று அவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பார்த்த வேலையின் சுயசிந்தனை, கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் ஆய்வறிஞரான கணித ஃபெலோவின் வேலையோடு ஒப்பிடத் தக்கது என்றார். இவர் ஈடுபட்டிருக்கும் தூய கணிதப் பிரிவுகள் என் சிறப்புத் துறை இல்லை, ஆகவே திறமையை நம்பத்தகுந்த முறையில் மதிப்பிட என்னால் முடியாது என்றும் ஒப்புக்கொண்டார். முழுமையும் துல்லியமும் இன்னும் வரவில்லை, இவர் சூழ்நிலையில் அது எதிர்பார்க்கக்கூடியதே என்றார். கடைசியில், சில ஆண்டுகளுக்காவது பிழைப்பைப் பற்றிய கவலை இல்லாமல் இவர் முழு நேரமும் கணிதத்தில் செலவிட வழி செய்வது பல்கலைக்கழகத்துக்கு நியாயமான செயலாக இருக்கும் என்று முடித்தார்.

இதில் 'ஃபெலோவோடு ஒப்பிடத் தக்கது' என்ற இடத்தைக் கவனியுங்கள். மிக உயர்ந்த, ஈடு இணையற்ற என்ற சொற்கள் படிக்கும் அதிகாரிக்கு எந்த அளவுகோலையும் கொடுக்காது. கேம்பிரிட்ஜ் ஃபெலோ என்றால் என்ன தரம், அதற்கு என்ன சம்பளம் என்பது பல்கலைக்கழகத்தில் உள்ளவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரிந்த அளவுகோலில் வைத்துச் சொன்னார், அதோடு அவர்களால் செய்யக்கூடிய ஒரு செயலையும் கேட்டார். ஹார்டி காட்டிய ஆர்வமும் வாக்கரின் பரிந்துரையும் சேர்ந்து, பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1913 மே முதல் அவர் அலுவலகக் கணக்கேட்டிலிருந்து விடுபட்டார்.

இதுவரை சொன்னதை வைத்து, அடக்கமாக எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அதே கடிதப் போக்குவரத்தில் அது சறுக்கிய இடமும் இருக்கிறது. ஹார்டி திரும்பத் திரும்ப நிரூபணம் கேட்டார். ராமானுஜன் முடிவுகளைக் கொடுத்தாரே தவிர நிரூபணங்களை முழுதாகக் கொடுக்கவில்லை. தன் முறையை யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று அவர் அஞ்சுகிறாரோ என்ற சந்தேகம் லிட்டில்வுட்டுக்கு வந்தது. மார்ச் 26 கடிதத்தில் ஹார்டி இதை நேரடியாகவே எழுதிவிட்டார். என் நீண்ட கடிதங்கள் உங்கள் கையில் இருக்கின்றன, உங்கள் கடிதங்களை நான் வேறு பல கணிதவியலாளர்களுக்குக் காட்டியிருக்கிறேன், நான் முறைகேடாக எதையாவது பயன்படுத்தினால் என்னை அம்பலப்படுத்துவது உங்களுக்கு மிகச் சுலபம் என்றார். இவ்வளவு பட்டவர்த்தனமாகச் சொல்வதை மன்னியுங்கள், வெளிப்படையாகத் தெரியும் உங்கள் கணிதத் திறமையை நீங்கள் முழுதாகப் பயன்படுத்த நல்ல வாய்ப்பு அமைய என்ன செய்யலாம் என்ற உண்மையான ஆவல் இல்லாவிட்டால் இப்படி எழுதியிருக்கமாட்டேன் என்றும் சேர்த்தார்.

ஏப்ரல் 17 அன்று ராமானுஜன் பதில் எழுதினார். லிட்டில்வுட் சொல்லி நீங்கள் எழுதியதைப் பார்த்துச் சற்று வேதனைப்பட்டேன், என் முறையை மற்றவர்கள் பயன்படுத்துவார்கள் என்ற அச்சம் எனக்குத் துளியும் இல்லை, எட்டு ஆண்டுகளாக அது என்னிடம் இருக்கிறது, அதை மதிப்பார் யாரையும் நான் காணவில்லை என்கிறார். பரிவுள்ள நண்பர் என்ற சொல்லைத் திரும்பவும் எழுதி, தன்னிடம் உள்ள கொஞ்சத்தையும் தயக்கமின்றி உங்கள் கையில் ஒப்படைக்கத் தயார் என்கிறார்.

இந்தச் சறுக்கலுக்குக் காரணம் என்று எனக்குப் படுவது இதுதான். கேள்விகளாகவும் வேண்டுகோள்களாகவும் மட்டுமே ஆர்வம் வெளிப்படும்போது, கடிதங்கள் கூடக்கூட அந்த வேண்டுகோள்கள் விசாரணை மாதிரி ஒலிக்கத் தொடங்கும். முதல் கடிதத்தில் 'நிரூபணம் அனுப்புங்கள்' என்பது ஆவல். மூன்றாம் கடிதத்தில் அதே வரி சந்தேகம். எழுதுபவருக்கு இந்த மாற்றம் தெரியாது, ஏனென்றால் அவர் மனதில் அதே ஆவல்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட கட்டத்தில் உணர்ச்சியை ஒரே ஒரு வரியில் நேரடியாகச் சொல்லிவிடுவது நல்லது. ஹார்டியின் 'உண்மையான ஆவல்', 'வெளிப்படையாகத் தெரியும் திறமை' இரண்டும் அப்படி வந்தவை. வருத்தத்தோடு தொடங்கினாலும் ராமானுஜனின் பதில் நம்பிக்கையில் முடிகிறது, அதில் அந்த வரிக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். தேவைப்படும் இடத்துக்கு ஒரு நேரடி வரியைக் கையில் வைத்திருக்கவேண்டும். அதை முதல் கடிதத்திலேயே பத்து முறை செலவழித்துவிட்டால், மூன்றாம் கடிதத்தில் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

எதிர்ச்சான்று ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1914 ஜனவரியில் டிரினிட்டியிலிருந்து கணிதவியலாளர் நெவில் சென்னை வந்திருந்தார். ராமானுஜனை இங்கிலாந்துக்கு அனுப்பப் பண உதவி கேட்டு அவர் பல்கலைக்கழகத்துக்கு எழுதியது அடக்கமான கடிதம் இல்லை. ராமானுஜனின் மேதைமையைக் கண்டறிந்தது நம் காலத்துக் கணித உலகின் மிகச் சுவையான நிகழ்ச்சியாக இருக்கும் என்று தொடங்கினார். கணித வரலாற்றின் மாபெரும் பெயர்களில் ஒன்றாக இவர் பெயர் ஆகும் என்றும், இவரைத் தூக்கிவிட்டதற்காகச் சென்னை நகரும் பல்கலைக்கழகமும் பெருமைப்படும் என்றும் எழுதினார். அது பலித்தது. ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கிடைத்தது, மார்ச் 17 அன்று ராமானுஜன் கப்பல் ஏறினார்.

ஆக, பெரிய சொல் எப்போதும் தோற்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் நெவில் நின்ற இடம் வேறு. அவர் சென்னையில் ராமானுஜனோடு உட்கார்ந்து நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தவர். ஹார்டி பிப்ரவரி 8 அன்று பார்க்காததை அவர் பார்த்திருந்தார். கடிதம் போனது ராமானுஜனுக்கு இல்லை, கணிதத்துக்கு வெளியே இருந்து பணத்தை முடிவு செய்யும் ஒரு நிர்வாகத்துக்கு. அப்படியும், நவீன முறைகளில் பயிற்சி இவருக்கு எவ்வளவு அவசியம் என்று குறையையும் உள்ளே வைத்துத்தான் எழுதினார். அதே வாக்கியங்களை ஒரு வருடம் முன்னால் ஹார்டி ராமானுஜனுக்கு எழுதியிருந்தால், பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னதாகியிருக்கும்.

இனி நம் மேசைக்கு வரலாம். நான் ஒரு சிறு பத்திரிகைக்கு வரும் கட்டுரைகளைப் படித்துப் பதில் எழுதுகிறவன். முதல்முறை எழுதும் ஒருவர் தன் ஊர் ஏரியின் பாசன முறை பற்றி எழுதி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டுரை நமக்கு மிகவும் பிடித்துவிட்டது. கை தானாக எழுதும் பதில் இப்படி இருக்கும்:

"வணக்கம் ஐயா! உங்கள் கட்டுரை மிக மிக அருமை! படித்து மெய்சிலிர்த்துப் போனோம்!! இப்படிப்பட்ட அற்புதமான எழுத்து எங்களுக்குக் கிடைத்தது எங்கள் பாக்கியம்! சில சிறு திருத்தங்கள் மட்டும் செய்து விரைவில் வெளியிடுகிறோம். தொடர்ந்து எழுதுங்கள்!"

இதில் பொய் இல்லை. மகிழ்ச்சி உண்மையானதுதான். ஆனால் இந்தப் பதிலை வேறு எந்தக் கட்டுரைக்கும் அனுப்பலாம் என்பது எழுதியவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். 'சிறு திருத்தங்கள்' எவை என்று தெரியாததால் அவர் கவலைப்படவும் தொடங்குவார். ஹார்டி வழியில் அதையே எழுதினால்:

"அன்புள்ள ஐயா, வணக்கம். உங்கள் கட்டுரையை நேற்று இரவு படித்தேன். வறண்ட ஆண்டில் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டி ஒவ்வொரு மடைக்கும் நேரம் பிரித்துக் கொடுப்பதை நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு பக்கங்களை இன்று காலை ஆசிரியர் குழுவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைமடைக்காரர்தான் முதலில் தண்ணீர் பெறுவார் என்ற செய்தி எங்கள் யாருக்கும் புதிது. அது ஏன் அப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள், முடிந்தால் அதை ஒரு பத்தியில் விளக்குங்கள். ஏரிகளின் பொது வரலாறு பற்றிய தொடக்கப் பகுதி பலரும் எழுதியதுதான், அதைப் பாதியாகக் குறைக்கலாம் என்பது என் கருத்து. மடைகள் இருக்கும் இடத்தைக் காட்டும் கைவரைபடம் ஒன்று கிடைத்தால் கட்டுரை இன்னும் தெளிவாகும், பென்சிலில் போட்டு அனுப்பினாலே போதும். விளக்கப் பத்தியை இந்த வாரமும் வரைபடத்தை நிதானமாக மாதக் கடைசிக்குள்ளும் அனுப்பினால், அடுத்த இதழில் முதல் கட்டுரையாக வைக்க விரும்புகிறோம். அன்புடன்."

இரண்டாவது பதில் நீளம். அதை எழுதக் கட்டுரையை முழுதாகப் படித்திருக்கவேண்டும், முதல் பதிலுக்கு அது தேவையில்லை. பெயரடைகள் அநேகமாக இல்லை. 'எங்கள் யாருக்கும் புதிது' என்பதுதான் பாராட்டு, அதுவும் குறிப்பிட்ட ஒரு செய்தியின் மேல் நிற்கிறது. குழுவில் வாசித்தது, எல்லோரும் கேட்பது, முதல் கட்டுரையாக வைப்பது மூன்றும் நாம் செய்த, செய்யப்போகிற காரியங்கள். ஒருவேளை குழுவில் வாசிக்காவிட்டால் அந்த வரியை எழுதக்கூடாது. இல்லாத செயலை அழகுக்குச் சேர்த்தால் அதுவும் ஆச்சரியக்குறியின் இன்னொரு வடிவமே.

கட்டுரை வெளியிட முடியாத நிலையில் இருந்தால் இதே முறை இன்னும் கவனமாக வேண்டும். பிடித்த பகுதியைக் குறிப்பிட்டு நிறையக் கேள்விகளும் கேட்டுவிட்டு, கடைசியில் இடமில்லை என்றால் அந்தக் கேள்விகள் அவருக்கு வீண் உழைப்பாகிவிடும். அப்போது முடிவை முதல் வரியில் சொல்லிவிட்டு, நன்றாக இருந்த அந்த ஒரு பகுதி எது, அதை மட்டும் தனியாக வளர்த்து அனுப்பினால் படிக்கத் தயாரா என்பதை அடுத்த வரியில் சொல்வேன். தயாரில்லை என்றால் அந்த அடுத்த வரியை எழுதமாட்டேன்.